கட்டி முடியாத பாலத்தின் லாபம்

பாம்பனில் கடலுக்குக் குறுக்கே புதிய ரயில் பாலம் கட்ட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரலில். 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவான அந்த வேலையின் அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவே மார்ச் 31 என்ற தேதி ஏழு முறை வந்துபோனது.

மார்ச் 31 அன்று நாட்டிலுள்ள ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் கணக்கை முடித்தாக வேண்டும். மளிகைக் கடைக்கு இதில் சிக்கல் இல்லை. விற்றது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, மிச்சச் சரக்கு எவ்வளவு என்று எண்ணிவிடலாம். பாலம் கட்டும் காண்ட்ராக்டருக்கு அப்படி முடியாது. தூண்கள் தண்ணீருக்குள் பாதியில் நிற்கும். மேல்தளத்துக்கான கர்டர்கள் கரையில் கிடக்கும். இந்த ஆண்டு அவர் சம்பாதித்தது எவ்வளவு?

வேலை முழுசாக முடிந்து ஒப்படைத்த பிறகு மொத்த வருவாயையும் ஒரே ஆண்டில் எழுதிக்கொள்வது ஒரு வழி. அறுவடை நாளில் மட்டும் வரவு எழுதும் விவசாயியின் கணக்கு மாதிரி. கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் வேலை நடந்தால் நான்கு வருடம் அந்த நிறுவனம் ஒன்றுமே சம்பாதிக்காதது போலவும், ஐந்தாம் வருடம் திடீரென்று கொழித்தது போலவும் கணக்கு காட்டும். பங்கு வாங்குகிறவர், கடன் கொடுக்கும் வங்கி, வரித்துறை ஆகிய யாருக்கும் அந்தக் கணக்கிலிருந்து உண்மை நிலவரம் தெரியாது. அமெரிக்காவில் 1980களில் பெரிய பாதுகாப்புத் துறை ஒப்பந்ததாரர்கள் இந்த முறையைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வரியைத் தள்ளிப்போட்டார்கள். 1986-ல் அங்கே வரிச் சட்டத்தைத் திருத்தி அந்த வழியைப் பெருமளவு அடைத்தார்கள்.

இரண்டாவது வழிதான் இன்று பெரும்பாலான நாடுகளில் நடைமுறை. எத்தனை சதவீதம் வேலை முடிந்திருக்கிறதோ, ஒப்பந்தத் தொகையில் அத்தனை சதவீதத்தை அதுவரைக்குமான வருவாயாக எழுதுவது. 'பர்சன்டேஜ் ஆஃப் கம்ப்ளீஷன்' என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். இந்தியாவில் ஒப்பந்ததாரர்களுக்கான கணக்கியல் தரம் ஏ.எஸ். 7 இதைச் சொல்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் இண்ட் ஏ.எஸ். 115 என்ற புதிய தரம் வந்தது. பெயரையும் சொற்களையும் மாற்றினாலும், கட்டுமான ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கின் எலும்புக்கூட்டை அது பெரிதாக மாற்றவில்லை.

எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்தாது. வேலை கொடுத்தவரின் இடத்தில் கட்டும்போது, கட்டக் கட்ட அது அவருடைய சொத்தாகிறது. ரயில்வேக்குப் பாலம் கட்டுகிற காண்ட்ராக்டர் பாதியில் போனாலும் அந்தப் பாதித் தூண் ரயில்வேயுடையதுதான். அதனால் அங்கே வருவாயைப் பிரித்து எழுதலாம். சொந்த நிலத்தில் அடுக்குமாடி கட்டி ஃபிளாட் விற்கிற பில்டரின் நிலைமை வேறு. முன்பு அவர்களும் சில வரம்புகளைத் தாண்டியதும் சதவீதக் கணக்கு போட்டார்கள். கட்டுமானச் செலவில் கால் பங்கு ஆகியிருக்க வேண்டும், பரப்பில் கால் பங்குக்கு ஒப்பந்தம் ஆகியிருக்க வேண்டும், இப்படி. புதிய தரம் வந்த பிறகு பெரிய பில்டர்களில் பலர் சாவியை ஒப்படைக்கும்போது வருவாய் எழுதும் முறைக்கு மாறிவிட்டார்கள். அவர்களுடைய வருவாய் ஒரு காலாண்டில் குதித்து அடுத்ததில் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கற்பனைப் பாலம். ஒப்பந்தத் தொகை 100 கோடி. கட்டி முடிக்க 80 கோடி ஆகும் என்று காண்ட்ராக்டர் எஸ்டிமேட் போட்டிருக்கிறார். மூன்று வருட வேலை, 20 கோடி லாபம் எதிர்பார்ப்பு.

முதல் வருட முடிவில் 20 கோடி செலவாகியிருக்கிறது. மொத்தச் செலவு 80 கோடியில் இது கால் பங்கு. ஆகவே வேலை 25 சதவீதம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, 100 கோடியில் 25 கோடியை வருவாயாக எழுதுகிறார்கள். செலவு 20 கோடி போக லாபம் 5 கோடி. செலவை வைத்து வேலையை அளக்கும் இந்த வழிதான் அதிகம் புழங்குகிறது. எத்தனை கிலோமீட்டர் சாலை போட்டார்கள், எத்தனை தூண் எழுந்தது என்று நேரடியாக அளக்கும் வழியும் உண்டு. ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வரும் இடத்தில் அது நன்றாகவே பொருந்தும்.

இந்த 25 கோடி கைக்கு வந்த பணம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பணம் வேறொரு பாதையில் வருகிறது. வேலை தொடங்கும்போது முன்பணம் தருவார்கள்; அது வருவாய் ஆகாது. பிறகு வேலை நடக்க நடக்க, வேலை கொடுத்த துறையின் என்ஜினீயர் அளந்து எம்-புக்கில் பதிந்து, அதன் அடிப்படையில் ஆர்.ஏ. பில் போடுவார்கள். அதிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்து குறைபாட்டுக் காலம் கழிந்த பிறகுதான் விடுவிப்பார்கள். நம் காண்ட்ராக்டர் முதல் வருடத்தில் 22 கோடிக்குத்தான் பில் போட்டிருக்கிறார் என்றால், வருவாயாக எழுதிய 25 கோடியில் மீதி 3 கோடி 'பில் போடாத வருவாய்' என்ற பெயரில் சொத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த 3 கோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் ஆற்றுக்குள் இறங்கியபோது எதிர்பார்த்த ஆழத்தில் பாறை கிடைக்கவில்லை. ஒவ்வொரு பைலும் இன்னும் ஆழம் போகிறது. கம்பி விலையும் ஏறிவிட்டது. மார்ச் மாதம் தலைமை அலுவலகத்தில் கூட்டம். சைட் என்ஜினீயர் சொல்கிறார்: "சார், மிச்ச வேலைக்கு இன்னும் 36 கோடி ஆகும்." இதுவரை செலவு 54 கோடி. ஆக மொத்தச் செலவு 80 இல்லை, 90 கோடி.

கணக்கு திரும்பப் போடப்படுகிறது. 90-ல் 54 என்றால் 60 சதவீதம். இதுவரைக்குமான வருவாய் 60 கோடி. போன வருடமே 25 கோடி எழுதியாயிற்று. ஆகவே இந்த வருடத்துக்கு 35 கோடி. இந்த வருடச் செலவு 34 கோடி. லாபம் வெறும் 1 கோடி. மூன்றாம் வருடம் சொன்னபடி 36 கோடி செலவில் முடிந்தால், மீதி 40 கோடி வருவாயும் 4 கோடி லாபமும் வரும். ஐந்து, ஒன்று, நான்கு. மூன்றையும் கூட்டினால் பாலத்தின் உண்மையான லாபம் 10 கோடி.

இரண்டாம் வருட லாபம் ஏன் இவ்வளவு இளைத்தது? அந்த வருட வேலை மட்டும் மோசம் என்பதில்லை. முதல் வருடத்தில் 20 சதவீத லாபம் கிடைக்கும் என்று நம்பி 5 கோடி எழுதினார்கள். உண்மையில் பாலம் தரப்போவது 10 சதவீதம்தான். அதிகமாக எழுதிய பாதியை இரண்டாம் வருடம் சுமக்கிறது. பழைய வருடத்துக் கணக்கைத் திறந்து திருத்த மாட்டார்கள். மதிப்பீடு மாறிய வருடத்திலேயே சரிக்கட்டுவார்கள். ஒரு நிறுவனத்தின் லாபம் காரணம் தெரியாமல் ஒரு காலாண்டில் சுருங்கினால், பின்னால் இப்படி ஒரு பழைய நம்பிக்கை உடைந்திருக்கக் கூடும்.

இப்போது அதே மார்ச் கூட்டத்தை வேறு விதமாக நடத்திப் பார்க்கலாம். என்ஜினீயர் 36 கோடி என்கிறார். நிதித் தலைவர், "26 கோடியில் முடித்துவிடலாம், சப்-காண்ட்ராக்டரை நெருக்குவோம், 80 கோடியையே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ஒரு கட்டத்தில் ஒரு எண் மாறாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 80-ல் 54 என்பது 67.5 சதவீதம். இந்த வருட வருவாய் 42.5 கோடி, லாபம் 8.5 கோடி. ஒரு கோடி லாபம் எட்டரைக் கோடி ஆகிவிட்டது. செலவைக் குறைத்துக் காட்டவில்லை. பொய் பில் எதுவும் இல்லை. எந்த வவுச்சரைத் திறந்தாலும் சரியாக இருக்கும். மூன்றாம் வருடம் அதே 36 கோடி செலவாகும்போது வருவாயில் மிச்சமிருப்பது 32.5 கோடிதான், மூன்றரைக் கோடி நஷ்டம் வந்து நிற்கும். அதற்குள் போனஸ் வாங்கியவர்கள் வாங்கியிருப்பார்கள்.

இந்த முறையின் உயிரும் நோயும் இங்கேதான் இருக்கிறது. பின்னத்தின் மேலே இருப்பது செலவான பணம். அதற்கு ரசீது உண்டு. கீழே இருப்பது இனி ஆகப்போகும் செலவையும் சேர்த்த எண். அது மனிதர்களின் மதிப்பீடு. கீழ் எண் தேவையான அளவு உயராதபோது முடிந்த சதவீதமும் மீதி லாபமும் ஒருசேரப் பெருத்துத் தெரியும். இரட்டைக் கூலி.

மேல் எண்ணிலும் கைவைக்க வழி உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் 8 கோடி ரூபாய்க்குக் கேபிளும் பேரிங்கும் வாங்கி சைட்டில் இறக்கிவிட்டால் செலவு கூடும்; செலவு கூடினால் சதவீதமும் கூடும். வேலை ஒரு அங்குலம் நகர்ந்திருக்காது. அதனால்தான் பொருத்தப்படாத பொருளின் விலையைச் சதவீதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தரம் கட்டுப்படுத்துகிறது. சென்டரிங் சரிந்து திரும்பக் கட்டிய செலவு போன்ற வீண் செலவும் முன்னேற்றமாகக் கணக்கில் வராது.

பாலம் நஷ்டத்தில் முடியும் என்று தெரிந்துவிட்டால் விதி இன்னும் கடுமை. மேலே சொன்ன கூட்டத்தில் மொத்தச் செலவு 105 கோடி என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 5 கோடி நஷ்டம். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது, பாதி நஷ்டத்தை எழுதினால் போதும் என்று தோன்றும். முடியாது. வரப்போகும் நஷ்டம் முழுவதையும் இன்றே எழுத வேண்டும். முதல் வருடம் காட்டிய 5 கோடி லாபத்தையும் அழிக்க வேண்டும். இரண்டாம் வருடக் கணக்கில் 10 கோடி நஷ்டம் தெரியும். லாபத்தைத் துளித்துளியாக எழுதலாம். நஷ்டத்தை மொத்தமாகத்தான் எழுத வேண்டும்.

இந்திய வருமான வரிக்கான கணக்கோ இந்தச் சலுகையைத் தரவில்லை. 2018 நிதிச் சட்டம் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43சிபி என்ற பிரிவைச் சேர்த்து, கட்டுமான ஒப்பந்தங்களுக்குச் சதவீத முறையைக் கட்டாயமாக்கியது. பிடித்து வைத்த பணத்தையும் ஒப்பந்த வருவாயில் சேர்க்கச் சொன்னது. எதிர்பார்க்கும் நஷ்டத்தை மட்டும் முன்கூட்டியே முழுசாகக் கழிக்க விடவில்லை. வேலை முடிந்த அளவுக்குத்தான். பங்குதாரருக்கு 10 கோடி நஷ்டம் காட்டிய நிறுவனம் அதே வருடம் வரித்துறைக்கு அதைவிடக் குறைந்த நஷ்டம் காட்டுவது சட்டப்படியே நடக்கிற காரியம்.

கீழ் எண்ணைப் பற்றிய சண்டை ஒரு நிறுவனத்தை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு பிரிட்டனின் கேரில்லியன் சரியான உதாரணம். நாட்டின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்று. மருத்துவமனை, சாலை, பள்ளி, சிறைப் பராமரிப்பு என்று அரசு வேலைகள் குவிந்திருந்தன. லிவர்பூல் நகரில் ராயல் லிவர்பூல் மருத்துவமனையைப் புதிதாகக் கட்டும் வேலை 2014-ல் தொடங்கியது. திட்ட மதிப்பு 335 மில்லியன் பவுண்டு. 2017 மார்ச்சில் முடிய வேண்டியது. தோண்டிய இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கான்கிரீட் பீம்களில் விரிசல் விட்டது.

2016 நவம்பரில் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மறுஆய்வு நடந்தது. இந்த ஒப்பந்தம் 12.7 சதவீத நஷ்டத்தில் முடியும் என்றது அந்த ஆய்வு. மேல் நிர்வாகம் ஒப்பவில்லை, 4.9 சதவீத லாபம் வரும் என்றே கணக்கில் வைத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி 50 மில்லியன் பவுண்டுக்கு மேல். மருத்துவமனை ஒன்றுதான், செங்கல்லும் சிமெண்டும் ஒன்றுதான். மிச்ச வேலைக்கு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டில்தான் வித்தியாசம்.

அந்தக் கணக்குகள் 2017 மார்ச்சில் வெளிவந்தன. 2016-ம் ஆண்டுக்கு 79 மில்லியன் பவுண்டு டிவிடெண்ட் அறிவித்தார்கள். அதுவரை இல்லாத உயரம். அதில் பெரும்பங்கு ஜூன் மாதம் பட்டுவாடா ஆனது. ஜூலை 10 அன்று, ஒப்பந்தங்களில் 845 மில்லியன் பவுண்டு தேறாது என்று நிறுவனமே அறிவித்தது. ஒரே நாளில் பங்கு விலை ஏறத்தாழ நாற்பது சதவீதம் விழுந்தது. 2018 ஜனவரி 15-ல் கேரில்லியன் கலைக்கப்பட்டபோது கடன்களும் கடப்பாடுகளும் கிட்டத்தட்ட 7 பில்லியன் பவுண்டு. கையில் இருந்த ரொக்கம் 29 மில்லியன். ஆண்டுகளாகத் தணிக்கை செய்துவந்த கே.பி.எம்.ஜி. நிறுவனத்துக்கு 2023-ல் 21 மில்லியன் பவுண்டு அபராதம் விழுந்தது. மருத்துவமனை திறந்தது 2022 அக்டோபரில்.

ஜப்பானில் தோஷிபா கதை 2015-ல் வெடித்தது. சுயேச்சையான விசாரணைக் குழு அந்த நிறுவனம் ஏழு ஆண்டுகளில் 150 பில்லியன் யென்னுக்கு மேல் லாபத்தை ஊதிக் காட்டியதாகச் சொன்னது. அதில் மூன்றில் ஒரு பங்கு போல உள்கட்டமைப்பு ஒப்பந்தங்களின் சதவீதக் கணக்கில் வந்தது. நடக்கவே நடக்காத செலவுக் குறைப்பை நடந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு மொத்தச் செலவைக் குறைத்து வைத்தார்கள். எழுத வேண்டிய நஷ்டத்தை எழுதாமல் தள்ளினார்கள். மேலிருந்து வந்த லாப இலக்குகளுக்கு அங்கே வைத்திருந்த பெயர் 'சேலஞ்ச்'. தலைமை நிர்வாகி ஹிசாவோ தனாகா அந்த ஜூலையிலேயே பதவி விலகினார். கூட்டத்தில் கண்டிப்பான குரலில் கேட்கப்படும் ஒரு எண், சைட்டிலிருந்து வரும் மதிப்பீட்டை எப்படி வளைக்கும் என்பதற்கு அந்த அறிக்கையைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியுமா? மதிப்பீடு நிறுவனத்தின் உள்ளே இருக்கிறது. ஆண்டறிக்கையில் ஒப்பந்தம் ஒப்பந்தமாக அதை அச்சிட மாட்டார்கள். ஆனால் ஒரு தடயம் விட்டுப்போகும். அதுதான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த 3 கோடி.

நம் பாலத்தில் இரண்டாம் வருட முடிவில் துறையின் என்ஜினீயர் அளந்து ஒப்புக்கொண்ட பில் 55 கோடி என்று கொள்வோம். நேர்மையான கணக்கில் வருவாய் 60 கோடி. பில் போடாதது 5 கோடி. வேலை வளரும்போது இது இயல்பு. மதிப்பீட்டை உயர்த்தாத கணக்கில் வருவாய் 67.5 கோடி, பில் போடாதது 12.5 கோடி. முதல் வருடம் 3, இப்போது 12.5. வருவாயைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள நிறுவனத்தால் முடிந்தது. அடுத்தவரைப் பில்லில் கையெழுத்துப் போடவைக்க முடியவில்லை. அந்த வேறுபாடு எங்கும் ஒளிய முடியாமல் சொத்துப் பக்கத்தில் வந்து சேர்கிறது.

இது பெருகினால் மோசடி என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. ஒப்பந்தத்தில் மைல்கல் வைத்து, குறிப்பிட்ட கட்டம் முடிந்தால்தான் பில் போடலாம் என்று இருந்தால் இந்தத் தொகை சில மாதம் வீங்கும், அப்புறம் வடியும். அரசுத் துறைகளில் அளந்து கையெழுத்தாகவே தாமதம் ஆகும் என்பது ஊரறிந்த விஷயம். பார்க்க வேண்டியது வடிகிறதா என்பதைத்தான். வருவாய் பத்து சதவீதம் வளர, பில் போடாத வருவாய் நாற்பது சதவீதம் வளர்ந்து, அடுத்த ஆண்டும் அப்படியே இருந்தால், லாபம் வந்தும் ரொக்கம் வரவில்லை என்று பொருள்.

கட்டுமான நிறுவனப் பங்கு வைத்திருப்பவர்கள் அடுத்த ஆண்டறிக்கை வந்ததும், லாபம் எத்தனை கோடி என்ற பக்கத்துக்கு முன்னால் மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள். இருப்புநிலைக் குறிப்பில் 'கான்ட்ராக்ட் அசெட்ஸ்' அல்லது 'அன்பில்டு ரெவின்யூ' என்ற வரி. ரொக்க ஓட்ட அறிக்கையில் தொழிலிலிருந்து வந்த பணம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால், ஆடிட்டர் அறிக்கையில் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதி. கட்டுமான நிறுவனங்களில் மொத்தச் செலவு மதிப்பீடு அங்கே அடிக்கடி இடம்பெறுகிறது. மூன்றையும் போன இரண்டு ஆண்டு எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும்.